பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத பூனை டின் சத்தத்துக்கு ஏன் ஓடி வருகிறது?

கேள்வி: “எங்கள் சிட்டுவுக்கு மூன்று வயசு. ‘சிட்டு, சிட்டு’ என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கிச்சனில் அவளுடைய டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், மாடியில் இருந்தாலும் பறந்து வருவாள். பெயரே தெரியாதா, இல்லை தெரிந்துகொண்டே வராமல் இருக்கிறாளா?”

சிட்டுவுக்குப் பெயர் தெரியுமா என்பது ஒன்று. தெரிந்தால் ஏன் வருவதில்லை என்பது வேறொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் உறுதியான பகுதியும் உண்டு, ஊகமும் உண்டு. நான் கால்நடை மருத்துவர். என்னிடம் வருபவை பெரும்பாலும் பூனைகள்தான். மருந்து எழுதி முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில் வாசலருகே நின்றபடி பலரும் கேட்பது இதைத்தான் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெயர் விஷயத்தை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த அட்சுகோ சைட்டோ. அவரும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் வளரும் பூனைகளுக்கு ஒலிப்பதிவு செய்த சொற்களைப் போட்டுக் காட்டினார்கள். பூனையின் பெயரைப் போலவே நீளமும் ஏற்ற இறக்கமும் கொண்ட நான்கு சாதாரணச் சொற்கள் முதலில் வரும், ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நொடி இடைவெளி விட்டு. ஐந்தாவதாகப் பெயர் வரும். முதல் சொல்லுக்குக் காதைத் திருப்பிய பூனை இரண்டாவது, மூன்றாவது சொல்லுக்குச் சலித்துப்போய்ச் சும்மா இருக்கும். அப்படி அடங்கிக் கிடந்த பூனைகளில் பல, பெயர் வந்ததும் மறுபடி காதை அசைத்தன, தலையைத் திருப்பின. சொந்தக்காரர் குரலில் சொன்னபோதும், முன்பின் கேட்டிராத ஒருவரின் குரலில் சொன்னபோதும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆகவே மற்ற சொற்களிலிருந்து தன் பெயரைப் பூனையால் பிரித்தறிய முடிகிறது. ‘இது என்னைக் குறிக்கிறது’ என்று அது நினைக்கிறதா என்பதை இந்தச் சோதனை காட்டவில்லை. ‘இந்தச் சத்தம் வந்தால் சில சமயம் சாப்பாடு வரும், சில சமயம் தடவிக்கொடுப்பார்கள்’ என்ற அளவில் தெரிந்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்.

அந்த ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. பூனைகள் உலவும் ஒரு காபிக் கடையிலும் சோதித்தார்கள். அங்கே இருந்த பூனைகள் தங்கள் பெயரையும் கூட இருக்கிற பூனைகளின் பெயர்களையும் வேறுபடுத்தவில்லை. வீட்டுப் பூனைகள் வேறுபடுத்தின. சோதித்தது ஒரே ஒரு கடையில்தான், அதனால் இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் காரணத்தை யோசிக்கலாம். அந்த மாதிரிக் கடையில் வருகிறவர் ஒரு பெயரைச் சொல்லி அழைப்பார், வேறொரு பூனை வந்து மடியில் ஏறும், அதையும் கொஞ்சுவார். பெயருக்கும் பலனுக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன்னால் ஒன்று. இன்று மாலை சிட்டு சாய்ந்து படுத்திருக்கும்போது, அவள் பார்வையில் படாத இடத்தில் நின்று, ஒரே ஒரு தடவை, இயல்பான குரலில் கூப்பிடுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள். ஒரு காது மட்டும் பின்பக்கமாக, உங்கள் திசைக்குத் திரும்பி, ஒரு நொடியில் பழைய இடத்துக்கு வந்துவிடும். வால் நுனி லேசாகத் துடிக்கலாம். அதுதான் அவளுடைய பதில். சைட்டோவின் 2013 ஆய்விலும் இதையே பார்த்தார்கள். சொந்தக்காரர் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிந்த பூனைகள்கூட எழுந்து வரவில்லை, மியாவ் என்று குரல் கொடுக்கவும் இல்லை. காதும் தலையும்தான் அசைந்தன. தனியாக ஒளிந்திருந்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்த பிராணிக்கு, கேட்டதை உடம்பால் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை குறைவு. நாயைப் போல மனிதக் குரலுக்கு வேலை செய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்க்கப்பட்டதும் இல்லை. பூனை தானியக் கிடங்கைத் தேடி வந்தது எலிக்காக, யாரும் கூப்பிட்டு வரவில்லை.

இப்போது டின்னுக்கு வருவோம். வளையத்தைத் தூக்கும்போது ‘டக்’ என்று தகரம் உடையும். பிறகு மூடி கிழிந்து வரும் கிறீச்சென்ற சத்தம். இரண்டுமே சட்டென்று தொடங்குபவை, உச்ச அலைவரிசை நிறைய உள்ளவை. நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனையின் காது சுமார் 85,000 ஹெர்ட்ஸ் வரை போகும். எலிகள் தங்களுக்குள் போடும் மெல்லிய கீச்சுகள் அந்த எல்லையில்தான் இருக்கின்றன. அதனால் நமக்கு லேசான ஓர் ஓசையாகக் கேட்கிற டின், அவளுக்கு இன்னும் விளிம்புகள் தெளிந்த, எங்கிருந்து வருகிறது என்று உடனே பிடிபடக்கூடிய சத்தம். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடினாலும் அதில் அமுங்காது. நம் பேச்சோ அந்த இரைச்சலோடு கலந்துவிடுகிற ரகம். ‘ப்ஸ்ப்ஸ்’ என்றால் பல பூனைகள் சட்டென்று திரும்புவதற்கும், அந்த ‘ஸ்’ ஒலியில் உச்ச அலைவரிசை அதிகமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். இது ஊகம்தான்.

ஆனால் காது மட்டும் காரணமாக இருந்தால் பாத்திரம் விழுகிற சத்தத்துக்கும் அவள் ஓடி வர வேண்டும். அதற்கு ஓடி ஒளிகிறாள் அல்லவா? முக்கியமான காரணம் அவள் கற்றுக்கொண்ட கணக்கு. ஒரு சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டாக, இரண்டும் அடுத்தடுத்து வந்தால் போதும் என்றுதான் பாவ்லவின் காலத்திலிருந்து நினைத்துவந்தார்கள். 1960களில் ராபர்ட் ரெஸ்கார்லா என்ற உளவியலாளர் அது போதாது என்று எலிகளை வைத்துக் காட்டினார். சத்தம் வந்தபோது பலன் வரும் வாய்ப்பும், சத்தம் வராதபோது அதே பலன் வரும் வாய்ப்பும் ஒன்றாக இருந்தால், பிராணி அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டும் எத்தனை தடவை சேர்ந்து வந்திருந்தாலும் சரி.

இதை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். டின் திறந்தால் அடுத்த ஒரு நிமிஷத்துக்குள் கிண்ணத்தில் சாப்பாடு விழுகிறது. டின் திறக்காமல் அந்தச் சாப்பாடு வந்ததே இல்லை. யார் திறந்தாலும், காலையானாலும் ராத்திரியானாலும், திறப்பவர் கோபமாக இருந்தாலும் சத்தம் அதே சத்தம். இவ்வளவு சுத்தமான அடையாளம் அந்த வீட்டில் அவளுக்கு வேறு எதுவும் கிடைக்காது. சிட்டு என்ற பெயரோ நாள் முழுக்கக் காற்றில் இருக்கிறது. அவளைக் கொஞ்சும்போது, திட்டும்போது, அவளைப் பற்றி ஃபோனில் பேசும்போது, “சிட்டு தண்ணி குடிச்சாளா?” என்று மகனிடம் கேட்கும்போது என எப்போதும். பெயர் சொன்ன பிறகு பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. பெயர் சொல்லாமலும் சாப்பாடு வருகிறது. சில நாள் பெயர் சொன்ன கையோடு நகம் வெட்டுகிறார்கள், மருந்து புகட்டுகிறார்கள், கூடையில் போட்டு என்னிடம் தூக்கி வருகிறார்கள். அவள் அதை நன்றாகவே கேட்கிறாள். கேட்டதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அதில் அவளுக்குத் தகவல் எதுவும் இல்லை.

கண்டென்ஸ்டு மில்க் டின்னைத் திறந்தாலும் ஓடி வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதே, பிறகு ஏன் அடுத்த தடவையும் வருகிறது என்று சிலர் கேட்பார்கள். பத்துக்கு எட்டு தடவை பலித்த அடையாளம் இரண்டு தடவை பொய்த்தால் நம்பிக்கை குலைவதில்லை. சொல்லப்போனால், இடையிடையே பொய்க்கிற அடையாளத்தைப் பிராணிகள் எளிதில் கைவிடுவதில்லை. கற்றல் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. பெயரின் நிலைமை தலைகீழ். அது பலித்த தடவைகள் மிகக் குறைவு, பலிக்காதவை கணக்கிலடங்காதவை.

அப்படியானால் அவளுக்குச் சாப்பாடு மட்டும்தான் முக்கியமா, நாங்கள் ஒன்றுமில்லையா என்று வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017இல் பூனைகளுக்குச் சாப்பாடு, விளையாட்டுச் சாமான், வாசனை, மனிதரோடு பழகுவது என்று நான்கையும் வைத்து எதைத் தேடிப் போகின்றன என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பூனைகள் மனிதரைத்தான் தேர்ந்தெடுத்தன. பிரான்ஸில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், சொந்தக்காரர் பூனையிடம் பேசுகிற கொஞ்சல் தொனிக்கு மாறியதும் பூனைகள் செய்துகொண்டிருந்ததை நிறுத்திக் கவனித்தன. அதே தொனியில் அந்நியர் பேசியபோது அந்த மாற்றம் இல்லை. பதினாறு பூனைகளை மட்டும் வைத்துச் செய்தது என்பதால் நான் அதன் மேல் அதிகம் ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. உங்கள் குரல் அவளுக்குப் பொருள் உள்ளதுதான். அந்தக் குறிப்பிட்ட சொல்தான் தேய்ந்துபோயிருக்கிறது.

‘தெரிந்துகொண்டே வராமல் இருக்கிறாளா?’ என்ற பகுதிக்கு என் பதில்: கேட்டும் வராமல் இருக்கிறாள் என்பது உண்மை. உங்களை அலட்சியம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இதை மாற்ற முடியுமா? முடியும், ஓர் எல்லை வரை. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது மாடி, எப்போதும் திறந்து மூடுகிற கதவு, மாடிப்படி வழியாக நழுவி ஓடும் மஞ்சள் நிற ஆண்பூனை. பெயர் குட்டி. கூப்பிட்டால் வர வேண்டும் என்று அவர்கள் கேட்டது பாதுகாப்புக்காக. வீட்டில் வைத்து ஃபோனில் வீடியோ எடுத்து வரச் சொன்னேன். அதில் அந்த அம்மா நாலு தடவை “குட்டி” என்கிறார். முதல் தடவை இடது காது முழுசாகத் திரும்புகிறது. இரண்டாவதற்குப் பாதி. மூன்றாவதிலும் நான்காவதிலும் அசைவே இல்லை. பேசிப் பார்த்தபோது, பத்து வயது மகளையும் வீட்டில் குட்டி என்றுதான் அழைக்கிறார்கள் என்று தெரிந்தது. போதாததற்கு, இரண்டு வாரம் காதுக்குச் சொட்டு மருந்து விட்டபோது ஒவ்வொரு முறையும் “குட்டி, வாடா” என்றே பிடித்திருக்கிறார்கள். இந்தப் பெயரைச் சரிசெய்வதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது சுலபம் என்று சொன்னேன். வீட்டில் வேறு எதற்கும் புழங்காத ஒலியாக “கிச்சு” என்பதை மகள் தேர்ந்தெடுத்தாள்.

வேகவைத்த கோழியை உப்பில்லாமல், பாதிப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பசி இருக்கிற நேரம், அதாவது வழக்கமான சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். பூனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரே தடவை “கிச்சு” என்று சொல்லி, சொன்ன பிறகு கையை நீட்டி, ஒரு நொடிக்குள் துண்டைக் கொடுக்க வேண்டும். காலையில் ஐந்தாறு தடவை, மாலையில் ஐந்தாறு தடவை, அவ்வளவுதான். நாள் முழுவதும் கொடுக்கும் இப்படிப்பட்ட துணுக்குகள் அதன் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சொன்னதும் தலை உங்கள் பக்கம் திரும்பத் தொடங்கிய பிறகு இரண்டு மீட்டர் தள்ளி, அப்புறம் பக்கத்து அறையிலிருந்து, கடைசியாகப் பசி இல்லாத நேரத்தில். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் கட்டியது இடிந்துவிடும். பத்து நொடிக்குள் வராவிட்டால் மறுபடி சொல்லக் கூடாது. முந்தைய தூரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. அம்மா கூப்பிட்டால் வருகிறான், மகள் கூப்பிட்டால் வரவில்லை. மறுபடி வீடியோ. அம்மா சொல்லைச் சொல்வதற்கு முன்பே எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். மூடி ‘க்ளிங்’ என்றதும் பூனை எழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் “கிச்சு” வருகிறது. பூனை கற்றுக்கொண்டது டப்பாவை. சொல் அதற்கு வெறும் எச்சம். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உடம்பை அசைக்காமல், துண்டை முன்கூட்டியே கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். காது உங்களிடம் வந்தால் சொல் பதிந்திருக்கிறது. கண் டப்பா இருக்கும் மேடைக்குப் போனால் பதியவில்லை. டப்பாவை வேறு அறையில் வைக்கச் சொன்னேன், சொல் முதலில், அசைவு பிறகு என்று ஒழுங்கானது. சில வாரங்களில் மகள் கூப்பிட்டாலும் படுக்கையறையிலிருந்து வரத் தொடங்கினான். பால்கனிக் கம்பிக்கு வெளியே அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இன்றுவரை வருவதில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு அணிலைவிடப் பெரிய பலன் எதையும் நம்மால் கொடுக்க முடியாது. அதனால் கதவுக்கு உட்புறம் வலைக்கதவு போடுங்கள், அழைப்பை மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் அவர்களிடம் முடிவாகச் சொன்னேன்.

சிட்டு விஷயத்தில் பெயரையே காப்பாற்றலாம் என்று நினைக்கிறேன், அது மருந்தோடு சேர்ந்து கெட்டுப்போகாமல் இருந்தால். அவளைப் பற்றி உங்களுக்குள் பேசும்போது ‘அவள்’ என்று சொல்லுங்கள். அவளிடம் பெயரைச் சொல்லும்போது பின்னால் ஏதாவது நல்லது நடக்கட்டும், கோழித் துண்டோ தாடைக்குக் கீழே ஒரு தடவலோ. நகம் வெட்டவும் மருந்து கொடுக்கவும் பெயர் சொல்லி அழைக்காமல் நீங்களே எழுந்து போய்த் தூக்குங்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டின்னைத் திறப்பதுபோலச் சும்மா தட்டி ஏமாற்றுவதை வாடிக்கையாக்கி விடாதீர்கள். எப்போதாவது ஒரு நாள் அவள் கதவுக்கு வெளியே ஓடிவிட்டால் உங்களிடம் இருக்கிற நம்பகமான அழைப்பு அதுதான். அப்போது திறந்தால் உள்ளே இருப்பதை நிஜமாகவே கொடுத்துவிடுங்கள்.

மருத்துவராக இரண்டு விஷயங்கள். டின் சத்தத்துக்கு மாடியிலிருந்து வருகிறாள் என்றால் சிட்டுவுக்குக் காது கேட்கிறது, அந்தக் கவலை வேண்டாம். இதைப் படிக்கும் வேறு யாருடைய பூனையாவது வெள்ளை நிறமும் நீலக் கண்ணுமாக இருந்து, பெயருக்கும் டின்னுக்கும் இரண்டுக்குமே அசையாமல் இருந்தால், பிறவியிலேயே காது கேளாமல் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த நிறச் சேர்க்கையில் அது அதிகம். தூங்கும்போது பின்னால் நின்று, தரை அதிராமல், காற்று மேலே படாமல் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காதைப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கிற பூனையை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் பரிசோதனை வேண்டும்.

இரண்டாவது, டின்னுக்கு ஓடி வந்துகொண்டிருந்த பூனை ஒரு நாள் வராமல் இருந்தால் அதைக் கோபம், பிகு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்வலி, குமட்டல், சிறுநீரகக் கோளாறு, சிறுநீர் அடைப்பு என எதுவாகவும் இருக்கலாம். ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். ஆண்பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், உடனே கொண்டு போங்கள். பருமனான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று முன்பைவிட வெறியோடு டின்னுக்கு ஓடி வருகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி மெலிகிறது என்றால் தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தை மாதம் ஒரு தடவை குறித்து வைத்தால் போதும். என்னிடம் வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.